எதிர்முனை விழுந்தால் பேட்ச் ஜாப் என்ன செய்ய வேண்டும்: நான்கு வழிகளின் ஒப்பீடு

நாள்தோறும் காலை 6 மணிக்கு ஓடும் ஒரு பேட்ச் ஜாப். தவணை கட்டும் நாள் நெருங்கிவிட்ட வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் வேலை. டேட்டாபேஸில் `pending` என்று குறிக்கப்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளியார் நடத்தும் எஸ்.எம்.எஸ். கேட்வேக்கு அனுப்பி, வெற்றி என்றால் `sent` என்றும் தோல்வி என்றால் `failed` என்றும் குறிக்கும். ஒரு செய்திக்கு 200 மில்லி வினாடி வீதம் 18,000 செய்திகளுக்குச் சரியாக ஒரு மணி நேரம் ஆகும். நான் சில காலம் பார்த்துக்கொண்ட ஜாப் இது. அந்தக் கேட்வே தொடர்ந்து தோற்கத் தொடங்கினால் ஜாப் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு எங்களிடம் இருந்த விடை தவறானது என்பதை ஒரு நாள் காலையில்தான் அறிந்தோம்.

அன்று ஜாப் 6 மணிக்குத் தொடங்கி 6:20 வரை ஒழுங்காக ஓடி 6,000 செய்திகளை அனுப்பியிருந்தது. அதன் பிறகு கேட்வே பதில் தராமல் தொங்கியது. எங்கள் டைம்அவுட் 30 வினாடி. ஜாப்பில் சர்க்யூட் பிரேக்கர் இருந்தது. `Resilience4j` நூலகத்தை அதன் இயல்பு அமைப்புகளோடு அப்படியே சேர்த்திருந்தோம். கடைசி 100 அழைப்புகளில் பாதி தோற்றால் அது திறந்துகொள்ளும். 50 தோல்விகள் சேர, தோல்விக்கு 30 வினாடி வீதம், 25 நிமிடம் பிடித்தது. 6:45க்குப் பிரேக்கர் திறந்தது. அதுவரை அது செய்தது சரி. ஆனால் பிரேக்கர் திறந்த பின் நூலகம் கேட்வேயை அழைக்காமலே `CallNotPermittedException` என்ற பிழையை உடனுக்குடன் வீசும். எங்கள் லூப்போ எந்தப் பிழை வந்தாலும் பிடித்து, அந்தப் பதிவை `failed` என்று எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போகும்படி எழுதப்பட்டிருந்தது. மீதமிருந்த 11,950 பதிவுகளும் அரை நிமிடத்துக்குள் `failed` ஆகிவிட்டன. பிரேக்கர் மறுபடி சோதித்துப் பார்க்க 60 வினாடி காத்திருக்கும். அந்த 60 வினாடி முடிவதற்குள் ஜாப்பே முடிந்துவிட்டது.

பிரேக்கர் கேட்வேயைக் காப்பாற்றியது. எங்கள் பதிவுகளை அழித்தது. இணைய வேண்டுகோளுக்கு விடை சொல்லும் சேவையில் பிரேக்கர் வீசும் பிழை பயனருக்குப் போகும், அவர் பிறகு முயல்வார். பேட்ச் ஜாப்பில் அந்தப் பிழையைப் பெற்றுக்கொள்ள எவரும் இல்லை. லூப்தான் இருக்கிறது, அதற்கு அடுத்த பதிவுக்குப் போவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே பேட்ச் ஜாப்பில் பிரேக்கர் என்பது அழைப்பைச் சுற்றி வைக்கப்படுவதா, லூப்பையே நிறுத்துவதா என்பதுதான் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அதைத் தீர்மானிக்க, பிரேக்கரே இல்லாத வழிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வழி: கடைசி வரை ஓடுவது

மிக எளிய வழி, எது தோற்றாலும் குறித்துக்கொண்டு கடைசிப் பதிவு வரை போவது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தோல்விகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பதிவுகளின் குறையால் மட்டுமே வரும் இடத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. தவறான கைப்பேசி எண் ஒன்று மற்ற 17,999 செய்திகளைத் தடுக்கக் கூடாது.

எதிர்முனையே விழும்போதுதான் இது கெடுகிறது. அதுவும் இரண்டு எதிரெதிரான விதங்களில் கெடுகிறது. கேட்வே தொங்கினால், 18,000 பதிவுகளுக்கும் 30 வினாடி வீதம் 150 மணி நேரம், அதாவது ஆறே கால் நாள் ஆகும். யாராவது ஜாப்பைக் கொன்றாக வேண்டும். கேட்வே தொங்காமல் இணைப்பையே மறுத்தால் நிலைமை இன்னும் மோசம். மறுப்பு வர 5 மில்லி வினாடிதான் ஆகும் என்றால், 18,000 பதிவுகளும் 90 வினாடியில் `failed` ஆகிவிடும். கேட்வேக்காரர் புதிய பதிப்பை ஏற்றுவதற்காக நான்கு நிமிடம் சேவையை நிறுத்தி வைத்திருந்தால் போதும், ஒரு நாளின் வேலை முழுவதும் அந்த நான்கு நிமிடத்துக்குள் எரிந்துபோகும். மெதுவாகத் தோற்பதைத்தான் பலரும் அஞ்சுகிறார்கள். வேகமாகத் தோற்பது அதைவிடக் கொடியது. ஏனெனில் அதை யாரும் கவனித்து நிறுத்துவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இரண்டாவது வழி: ஒவ்வொரு பதிவுக்கும் மறுமுயற்சி

இரண்டாவது வழி, தோற்ற பதிவை அங்கேயே நிறுத்தி, சற்று இடைவெளி விட்டு மூன்று முறை முயல்வது. நெட்வொர்க்கில் ஒரு நொடி ஏற்படும் தடங்கலுக்கு இது போதுமான மருந்து. அந்த அளவில் எந்த ஜாப்பிலும் இருக்கலாம். ஆனால் இது தனித்தனிப் பதிவைப் பற்றிய வழி. முதல் பதிவு மூன்று முறை தோற்றதிலிருந்து இரண்டாவது பதிவு எதையும் கற்றுக்கொள்வதில்லை. எதிர்முனை விழுந்திருக்கும்போது 150 மணி நேரம் 450 மணி நேரமாகும். எழுந்திருக்கத் தடுமாறும் சேவையின் மீது மூன்று மடங்கு சுமை ஏறும். இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல அதிகமில்லை. உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் இடையேதான்.

மூன்றாவதும் நான்காவதும்: உள்ளேயே காத்திருப்பதா, வெளியேறுவதா

மூன்றாவது வழியில், தொடர் தோல்வியைக் கண்டதும் ஜாப் அடுத்த பதிவை எடுக்காமல் அப்படியே தூங்கும். ஐந்து நிமிடம் கழித்து ஒரு பதிவை மட்டும் அனுப்பிப் பார்க்கும். வெற்றி என்றால் பழைய வேகத்தில் தொடரும், தோல்வி என்றால் மறுபடி தூங்கும். நான்காவது வழியில், தொடர் தோல்வியைக் கண்டதும் ஜாப் தன் ஓட்டத்தையே முடித்துக்கொண்டு வெளியேறும். தொடாத பதிவுகள் தொடாதவையாகவே, `pending` நிலையிலேயே இருக்கும். அடுத்த ஓட்டம் வரும்போது அவற்றை எடுத்துக்கொள்ளும்.

காத்திருக்கும் வழியின் நன்மை வெளிப்படையானது: கேட்வே 7 மணிக்கு எழுந்தால் ஜாப் 7:05க்குள் தொடர்ந்துவிடும். நாளுக்கு ஒருமுறை மட்டுமே ஓடும் ஜாப்புக்கு இது பெரிய விஷயம். ஆனால் தூங்கும் ஜாப் எதையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு தூங்குகிறது என்று பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று திறந்திருக்கும். பதிவுகளை ஒரு டிரான்சாக்ஷனுக்குள் `FOR UPDATE` என்று பூட்டி எடுத்திருந்தால் அந்தப் பூட்டுகளும் மணிக்கணக்கில் நிற்கும். போஸ்ட்கிரஸில் இப்படித் திறந்தபடியே கிடக்கும் டிரான்சாக்ஷன், பழைய வரிகளைத் துப்புரவு செய்யும் வேக்கியூம் வேலையையும் தடுக்கும். இதற்கிடையில் யாராவது புதிய பதிப்பை ஏற்றினாலோ சர்வரை மறுதொடக்கம் செய்தாலோ, தூங்கிக்கொண்டிருந்த ஜாப் செத்துப்போகும். பிரேக்கர் திறந்திருந்தது என்ற செய்தியும் அதன் நினைவகத்தோடு போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, வேலை செய்யும் ஜாப்பும் தூங்கும் ஜாப்பும் ஒன்றுபோலவே, `Running` என்றே தெரியும். இரவுப் பணியில் இருப்பவருக்கு இந்தக் கடைசிக் குறை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

வெளியேறும் வழியில் இவை எதுவும் இல்லை. எனக்கு அது பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரேக்கருக்கு மூன்று நிலைகள் சொல்வார்கள்: மூடியது, திறந்தது, பாதி திறந்தது. திறந்த நிலையிலிருந்து எப்போது பாதி திறந்த நிலைக்கு வர வேண்டும் என்பதற்கு ஒரு கடிகாரம் வேண்டும். வெளியேறும் ஜாப்பில் அந்தக் கடிகாரத்தை யாரும் எழுத வேண்டியதில்லை. கிரான் அட்டவணையே அந்தக் கடிகாரம். அடுத்த ஓட்டத்தின் முதல் சில அழைப்புகளே சோதனை அழைப்புகள். அவை தோற்றால் ஜாப் உடனே வெளியேறும், வென்றால் அப்படியே தொடரும். பிரேக்கரின் நிலையை எங்கும் சேமித்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் எம்.சி.பி. விழுந்தால் யாராவது போய்த் தூக்கிவிட வேண்டும். இங்கே அடுத்த ஓட்டமே போய்த் தூக்கிப் பார்த்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜாப் நாளுக்கு ஒருமுறைதான் ஓடும் என்றால், 6:20க்கு விழுந்து 7 மணிக்கு எழுந்த கேட்வேக்காக 12,000 பேர் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே வெளியேறும் வழியைத் தேர்ந்தெடுப்பவர் அட்டவணையையும் மாற்றியாக வேண்டும். எங்கள் ஜாப்பை காலை 6 முதல் 11 மணி வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றினோம். முந்தைய ஓட்டம் இன்னும் முடியவில்லை என்றால் அடுத்தது தொடங்கக் கூடாது. குபெர்னெட்டிஸில் இதற்கு `concurrencyPolicy: Forbid` என்று ஒரு வரி போதும். வேலை இல்லாத ஓட்டம், பதிவு ஏதும் இல்லை என்று கண்டு ஒரு நொடியில் முடிந்துவிடும். அட்டவணையை மாற்ற முடியாத இடத்தில், உதாரணமாக ஜாப்பைத் தொடங்குவது வேறொரு துறையின் கையில் இருக்கும் இடத்தில், காத்திருக்கும் வழியே மேல். எதிர்முனை 503 என்ற விடையோடு `Retry-After: 60` என்று தானே நேரம் சொன்னால், அந்த ஒரு நிமிடம் உள்ளேயே காத்திருப்பதிலும் பிழையில்லை. 3600 என்று சொன்னால் வெளியேறிவிடுவது நல்லது.

எத்தனை தோல்வியில் நிற்பது

நூலகத்தின் இயல்பு அமைப்பு ஏன் எங்களுக்குப் பொருந்தவில்லை என்பதை இங்கே விளக்க வேண்டும். கணிப்பதற்குக் குறைந்தது 100 அழைப்புகள் வேண்டும் என்பது அதன் விதி. நொடிக்குப் பல நூறு வேண்டுகோள் வரும் இணையச் சேவையில் 100 அழைப்பு என்பது ஒரு கணம். ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கும் ஜாப்பில், தொடக்கத்திலேயே கேட்வே தொங்கியிருந்தால், 30 வினாடி வீதம் 100 அழைப்புகள் 50 நிமிடம். பிரேக்கர் வாய் திறக்கவே 50 நிமிடம் ஆகும். முதலில் திருத்த வேண்டியது டைம்அவுட்தான். வழக்கமாக 200 மில்லி வினாடியில் வரும் விடைக்கு 5 வினாடி தாராளம். பைத்தானின் `requests` நூலகத்தில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது முடிவின்றிக் காத்திருக்கும் என்பதையும் இங்கே நினைவூட்டிவிடுகிறேன். அந்நிலையில் எந்தப் பிரேக்கரும் உதவாது, ஏனெனில் தோல்வி என்று ஒன்று நிகழவே நிகழாது.

எண்ணுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, தொடர்ச்சியாக இத்தனை தோல்வி வந்தால் நிற்பது. மற்றொன்று, கடைசி இத்தனை அழைப்புகளில் இத்தனை விழுக்காடு தோற்றால் நிற்பது. தொடர் எண்ணிக்கை எழுத எளிது, விளக்க எளிது. 5 வினாடி டைம்அவுட்டோடு 10 தொடர் தோல்வி என்று வைத்தால், முழுமையாக விழுந்த கேட்வேயை 50 வினாடியில் கண்டுகொண்டு நின்றுவிடும். ஆனால் பாதி விழுந்த கேட்வேயை அது பார்ப்பதே இல்லை. கேட்வேக்காரரிடம் இரண்டு சர்வர்கள் இருந்து அவற்றில் ஒன்று மட்டும் செத்திருக்கிறது, நம் அழைப்புகளில் சரிபாதி தோற்கின்றன என்று கொள்வோம். நாணயம் சுண்டும்போது பத்து முறை தொடர்ந்து தலை விழ எத்தனை முறை சுண்ட வேண்டியிருக்கும் என்ற பழைய கணக்குதான் இது; சராசரியாக 2,046 முறை. அதற்குள் 1,023 தோல்விகள் நிகழ்ந்திருக்கும். நூற்றுக்கு 70 தோற்றால் சராசரியாக 115 அழைப்புகளில் நிற்கும். நூற்றுக்கு 30 மட்டும் தோற்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் அழைப்புகள் வேண்டும். அதாவது 18,000 பதிவுகள் கொண்ட ஜாப் அநேகமாக நிற்கவே நிற்காது.

இது குறையா என்று கேட்டால், ஓரளவுக்கு மட்டும்தான் என்பேன். நூற்றுக்கு 30 தோற்கும்போது 70 செய்திகள் போய்ச் சேர்கின்றன. அங்கே நிற்பது சரியா, தொடர்வது சரியா என்பதே விவாதத்துக்குரியது. நினைவூட்டல் செய்திக்குத் தொடர்வதே நல்லது என்று நாங்கள் முடிவு செய்தோம். பணம் திருப்பிச் செலுத்தும் ஜாப்பாக இருந்தால், பாதிப் பிழையோடு தள்ளாடும் சேவையின் மீது மேலும் வேலையை ஏற்றுவதைவிட நிற்பதையே தேர்ந்தெடுத்திருப்பேன். அங்கே கடைசி 50 அழைப்புகளில் 20 தோல்வி என்பது போன்ற விழுக்காட்டு எல்லையையும் தொடர் எண்ணிக்கையோடு சேர்த்து வைக்கலாம்.

குற்றம் யாருடையது

நான்காவது வழியில் மிகுதியும் தவறு நடப்பது எண்ணிக்கையில் அல்ல, எந்தத் தோல்வியை எண்ணுவது என்பதில்தான். எண் தவறு என்று கேட்வே 400 விடை தந்தால் அது பதிவின் குற்றம். அதை `failed` என்று எழுதிவிட்டுப் போகலாம், பிரேக்கர் அதை எண்ணக் கூடாது. 500, 503, டைம்அவுட், இணைப்பு மறுப்பு ஆகியவை எதிர்முனையின் குற்றமாகவே பெரும்பாலும் இருக்கும். இந்த அளவில் எல்லோரும் பிரித்துவிடுகிறார்கள். சிக்கல் 401இல் இருக்கிறது. நானூறு வரிசையில் வருவதால் அதையும் பதிவின் குற்றம் என்று கொள்ளும் நிரல்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். கடவுச்சாவி காலாவதியான நாளில் அந்த நிரல் 18,000 பதிவுகளையும் நிரந்தரத் தோல்வி என்று எழுதிவைக்கும். 401க்குப் பத்து வரை எண்ண வேண்டியதில்லை. முதல் விடையிலேயே ஜாப் நிற்க வேண்டும். 429 வேறு வகை: அது கொஞ்சம் மெதுவாக வா என்ற வேண்டுகோள், தோல்வி அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 500 விடை எப்போதும் சேவையின் குற்றம் அல்ல. பெயரில் ஏதோ ஒரு விசித்திர எழுத்து இருக்கும் பதிவு, கேட்வேயின் நிரலில் இருக்கும் ஓட்டையைத் தட்டி 500 வரவழைக்கலாம். ஒரே கிளையிலிருந்து வந்த அப்படிப்பட்ட பதிவுகள் பத்து, வரிசையின் தலையில் அடுத்தடுத்து அமர்ந்துவிட்டால், ஜாப் ஒவ்வொரு முறையும் அதே பத்தில் முட்டி, நின்று, வெளியேறும். கேட்வே நலமாக இருக்கும்; ஆனால் ஒரு செய்திகூடப் போகாது. இதைத் தவிர்க்க, முயன்று தோற்ற பதிவில் முயன்ற நேரத்தை எழுதி, அடுத்த ஓட்டத்தில் அதைக் கடைசியில் வைக்க வேண்டும்:

```sql
SELECT id FROM reminders
WHERE status = 'pending'
ORDER BY last_tried_at NULLS FIRST, id
LIMIT 500;
```

இப்படிச் செய்தால் அந்தப் பத்தும் வரிசையின் வாலுக்குப் போய்விடும். அடுத்த ஓட்டம் இதுவரை தொடாத பதிவில் தொடங்கும்.

அப்படியானால் அந்தப் பத்தும் என்றென்றும் சுற்றிக்கொண்டே இருக்குமே என்று கேட்கலாம். அதற்காகத்தான் பதிவுக்கு இத்தனை முயற்சி என்று ஓர் எல்லை வைப்பார்கள். ஐந்து முறை தோற்றால் `failed`. ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஜாப்பில், ஒன்றரை மணி நேரம் கேட்வே விழுந்திருந்தால், ஆறு ஓட்டங்கள் தோற்கும். வரிசையில் பதிவுகள் குறைவாக இருந்தால் ஒரே பதிவு ஐந்து முறையும் முட்டித் தன் வாழ்நாளை முடித்துக்கொள்ளும். சேவை செய்த குற்றத்துக்குப் பதிவு தண்டனை பெறுகிறது. எங்கள் குழுவில் இதற்குக் கண்ட தீர்வு, தீர்ப்பைச் சற்று ஒத்திவைப்பது. ஒரு பதிவு தோற்றதும் அதன் முயற்சிக் கணக்கைக் கூட்டாமல், தோற்றவற்றின் பட்டியலில் மட்டும் வைத்திருக்கிறோம். அடுத்து ஒரு பதிவு வென்றால், சேவை உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆகவே பட்டியலில் இருப்பவை தம் குறையால்தான் தோற்றிருக்கக்கூடும் என்று கொண்டு அவற்றின் கணக்கைக் கூட்டுகிறோம். வெற்றியே வராமல் பட்டியல் பத்தைத் தொட்டால் குற்றம் சேவையுடையது. யாருடைய கணக்கையும் கூட்டாமல் வெளியேறுகிறோம்.

```python
streak, sent = [], 0
for item in pending(limit=500):
    r = send(item)
    if r.ok:
        mark_sent(item)
        charge_attempt(streak)
        streak, sent = [], sent + 1
    elif r.auth_error:
        sys.exit(75)
    elif r.item_fault:
        mark_failed(item, r.reason)
    else:
        touch(item)
        streak.append(item)
        if len(streak) >= 10:
            sys.exit(75)
sys.exit(75 if streak and not sent else 0)
```

ஒரு தொகுதி 500 பதிவுகள். அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த தொகுதியை எடுக்கும் வெளி லூப்பை இங்கே காட்டவில்லை. கடைசி வரி எதற்கு என்று சொல்ல வேண்டும். வரிசையில் நான்கே பதிவுகள் இருந்து நான்கும் தோற்றால், பத்து என்ற எல்லை தொடப்படுவதே இல்லை. ஜாப் எல்லாம் நலம் என்று சொல்லி முடிந்துவிடும். ஒன்றுகூட வெல்லாமல் தோல்வி மட்டும் மிஞ்சிய ஓட்டமும் நின்றுபோன ஓட்டம்தான்.

இன்னொரு நேர்மையான குறிப்பு: டைம்அவுட் ஆன பதிவை `pending` என்றே விடுவது முழு உண்மை அல்ல. கேட்வே செய்தியை அனுப்பிவிட்டு, விடை சொல்லும் முன் தொங்கியிருக்கலாம். நான் தொடக்கத்தில் சொன்ன காலையில், `failed` ஆன எல்லாவற்றையும் கையால் `pending` ஆக்கி மறுபடி ஓட்டினோம். டைம்அவுட் ஆன ஐம்பதில் சிலருக்கு ஒரே நினைவூட்டல் இரண்டு முறை போய்ச் சேர்ந்து, "பணம் கட்டினதுக்கு அப்புறமும் ஏன் தொந்தரவு பண்றீங்க" என்று ஒருவர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். கேட்வே ஏற்றுக்கொள்ளும் என்றால், பதிவின் எண்ணையே தனித்துவச் சாவியாக ஒவ்வொரு அழைப்போடும் அனுப்ப வேண்டும். ஒரே சாவி இரண்டாம் முறை வந்தால் கேட்வே அதை மறுபடி அனுப்பாது. அந்த வசதி இல்லாத சேவையோடு பணப் பரிமாற்றம் செய்வதென்றால், டைம்அவுட் ஆனவற்றை `pending` என்று விடாமல் `unknown` என்று தனியாக ஒதுக்கி, நிலையைக் கேட்டறிந்த பிறகே தொட வேண்டும்.

நின்றதை எப்படிச் சொல்வது

வெளியேறும் ஜாப்பின் மிகப் பெரிய ஆபத்து, அது அமைதியாக வெளியேறுவது. வெளியேறும் குறியீடு 0 என்றால் எல்லாம் பச்சையாகத் தெரியும், `pending` குவிந்துகொண்டே போகும். 1 என்றால், நிரலில் பிழை வந்து விழுந்ததிலிருந்து இதைப் பிரித்தறிய முடியாது. மேலே உள்ள 75 நாமாக இட்ட எண் அல்ல. யூனிக்ஸின் `sysexits.h` கோப்பில் தற்காலிகத் தோல்வி என்பதற்கு `EX_TEMPFAIL` என்ற பெயரில் இருப்பது. சாவி காலாவதியானதற்கு வேறு எண் வைப்பது இன்னும் நல்லது, ஏனெனில் அது தானாகச் சரியாகாது; இடம் கருதி ஒரே எண்ணாகக் காட்டியிருக்கிறேன்.

சுழியம் அல்லாத குறியீட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. குபெர்னெட்டிஸில் ஒரு ஜாப் தோற்றால் அதுவே மறுபடி ஓட்டிப் பார்க்கும். `backoffLimit` இயல்பாக 6. முதலில் 10 வினாடி, பிறகு 20, 40 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஆறு முறை ஓட்டும். பத்து தோல்வியில் மரியாதையாக நின்ற ஜாப்பை அது ஏறக்குறைய பத்து நிமிட இடைவெளிக்குள் ஆறு முறை மறுபடி எழுப்பி, விழுந்து கிடக்கும் கேட்வேயை 60 முறை கூடுதலாகத் தட்டவைக்கும். பிரேக்கர் வைத்ததன் பயன் பாதி போய்விடும். ஆகவே `backoffLimit: 0` என்றும் `restartPolicy: Never` என்றும் வைத்து, மறுபடி ஓட்டும் பொறுப்பைக் கிரான் அட்டவணையிடம் மட்டும் விட வேண்டும்.

எச்சரிக்கையை எதன்மீது வைப்பது என்பதிலும் நாங்கள் ஒருமுறை தவறினோம். `pending` எண்ணிக்கை 5,000ஐத் தாண்டினால் மணி அடிக்கும்படி வைத்தோம். காலை 6 மணிக்கு 18,000 பதிவுகள் இருப்பது இயல்பு என்பதால் நாள்தோறும் மணி அடித்தது. ஒரு வாரத்தில் அதை எல்லோரும் அலட்சியப்படுத்தத் தொடங்கினார்கள். பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, மிகப் பழைய `pending` பதிவின் வயதை. அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், நாற்பது பதிவுகளே இருந்தாலும் ஏதோ நின்றுபோயிருக்கிறது. ஒரு ஓட்டம் 75 என்று வெளியேறியதற்காக யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. தொடர்ந்து நான்கு ஓட்டங்கள், அதாவது ஒரு மணி நேரம், அப்படி முடிந்தால் எழுப்பலாம்.

எங்கே இது பொருந்தாது

எதிர்முனை ஒன்றே ஒன்றாக இருக்கும்போதுதான் ஜாப் முழுவதையும் நிறுத்துவது பொருந்தும். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் சர்வருக்கும் வெப்ஹூக் அனுப்பும் ஜாப்பில், ஒரு வாடிக்கையாளரின் சர்வர் விழுந்ததற்காக மற்ற எல்லோரையும் நிறுத்துவது அநியாயம். அங்கே பிரேக்கர் முகவரிக்கு ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியலும் எண்ணிக்கையும் முகவரி வாரியாகப் பிரிய வேண்டும். திறந்த பிரேக்கர் உடைய முகவரியின் பதிவுகளைத் தொடாமல் தாண்டிப் போக வேண்டும். தாண்டிப் போவதும் `failed` என்று எழுதுவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பல வேலையாட்கள் இணையாக ஓடும் ஜாப்பிலும் எண்ணிக்கை பொதுவாக இருக்க வேண்டும். எட்டுப் பேர் ஆளுக்குப் பத்து என்று தனித்தனியே எண்ணினால் 80 தோல்வி வரை போகும். பொது எண்ணிக்கை வைத்தாலும், பத்தாவது தோல்வி பதிவாகும் நேரத்தில் மற்ற ஏழு பேரின் அழைப்புகள் பாதி வழியில் இருக்கும். அவற்றை வெட்டிவிடாமல் முடியவிட வேண்டும். வெட்டினால் போனதா போகவில்லையா என்று தெரியாத பதிவுகள் இன்னும் ஏழு சேரும்.

கடைசியாக, `pending` என்று விடுவது பாதுகாப்பானது என்று நான்காவது வழி எடுத்துக்கொள்கிறதே, அது எல்லாப் பதிவுக்கும் உண்மை அல்ல. தவணை நாள் வெள்ளிக்கிழமை என்றால், புதனன்று போகாத நினைவூட்டல் வியாழனன்று போனாலும் பயன் உண்டு, சனிக்கிழமை போனால் வசவுதான் கிடைக்கும். இதற்காகப் பதிவில் `expires_at` என்ற நேரத்தைச் சேர்த்தோம். ஜாப் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் அந்த நேரம் கடந்த `pending` பதிவுகளை `expired` என்று மாற்றிவிட்டு, மற்றவற்றை மட்டும் எடுக்கும். மாற்றியவற்றின் பட்டியல் அன்றே கிளை அலுவலகங்களுக்குப் போகும். அங்கே இருப்பவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.